பாதம் உள்பக்கமா திரும்பிப் பிறந்த குழந்தைக்கு மாவுக்கட்டு

"டாக்டர், பையன் பிறந்து 12 நாள் ஆகுது. வலது பாதம் உள்பக்கமா மடங்கியிருக்கு, கையால திருப்பினாலும் நேரா வரல. வாராவாரம் மாவுக்கட்டு போடணும்னு சொல்றாங்க. இவ்ளோ சின்னக் கால் தாங்குமா? கொஞ்சம் வளர்ந்தப்புறம் போட்டுக்கலாமா?"

தாங்கும்மா, தள்ளிப் போடாதீங்க. வயித்துக்குள்ள சுருண்டு படுத்ததால மட்டும் திரும்பின பாதம்னா கையால மெதுவா தள்ளினாலே நேரா வந்துடும், உங்க பையனுக்கு வரலைன்னா கணுக்காலுக்கு உள்பக்கமும் பின்பக்கமும் இருக்கிற தசைநாருங்க குட்டையா இறுகியிருக்குன்னு அர்த்தம், இது நீங்க கர்ப்பத்துல செஞ்ச எதாலயும் வந்ததில்ல. இப்ப பாத எலும்புல பெரும்பகுதி இன்னும் குருத்தெலும்புதான், நாரும் நல்லா இழுபடும், அதனாலதான் பிறந்த முதல் சில வாரத்துலயே ஆரம்பிக்கச் சொல்றாங்க.

இந்த முறைக்கு பொன்செட்டி முறைன்னு பேரு. டாக்டர் ஒரு நிமிஷம் போல பாதத்தை மெதுவா இழுத்து, எவ்வளவு வருதோ அந்த இடத்துலயே நிறுத்தி, விரல்லேர்ந்து தொடை வரைக்கும் முட்டியை மடக்கி கட்டு போடுவாங்க. முட்டிக்குக் கீழ மட்டும் போட்டா கட்டு உருவிக்கும், பாதத்தை வெளிப்பக்கமா பிடிச்சு வைக்கவும் முடியாது. ஒரு வாரத்துல நார் கொஞ்சம் தளர்ந்துடும், கட்டைப் பிரிச்சு இன்னும் கொஞ்சம் வெளிப்பக்கமா திருப்பி அடுத்த கட்டு. முதல் கட்டுல பாதம் முன்னைவிட அதிகமா திரும்பின மாதிரி தெரியலாம், பயப்படாதீங்க, உள்ளங்கால் குழிவை முதல்ல சரிபண்ண பெருவிரல் பக்கத்தைத் தூக்கி வைக்கிறதால அப்படித் தெரியுது.

பொதுவா அஞ்சாறு கட்டுல பாதம் வெளிப்பக்கம் திரும்பிடும், ஆனா குதிகால் மட்டும் மேலயே நிக்கும். அதுக்குப் பெரும்பாலான குழந்தைங்களுக்கு குதிகால் நாரை மட்டும் மரத்துப்போக வச்சு சின்னதா வெட்டி விட்டு, கடைசிக் கட்டை மூணு வாரம் வைப்பாங்க, அதுக்குள்ள அந்த நார் நீளமா வளர்ந்து சேர்ந்துடும். உங்க பையனுக்கு இரண்டாவது வாரத்துல ஆரம்பிச்சா இரண்டரை மாசம் வாக்குல கட்டு வேலை முடிஞ்சிடும்.

வீட்டுல நீங்க பாக்க வேண்டியது விரலைத்தான். விரலை அழுத்தி விட்டா வெளுத்து உடனே சிவக்கணும். நீலமாவோ வெளுத்தோ வீங்கியோ இருந்தாலும், பால் குடிச்சும் அழுகை நிக்கலைன்னாலும், ராத்திரின்னாலும் கூட்டிட்டுப் போங்க. நேத்து தெரிஞ்ச விரல் இன்னைக்குக் கட்டுக்குள்ள போயிட்டா கட்டு நழுவிடுச்சு, அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்காதீங்க, அந்த நிலையில பாதம் தப்பா அழுந்தும். கட்டு நனையக்கூடாது, துணியால துடைச்சு விட்டா போதும்.

கட்டு முடிஞ்சதும் நிறைய பேர் விட்டுடறாங்க, எனக்கு அதுதான் ரொம்ப வருத்தம். கம்பியில பூட்டின ஷூவை மூணு மாசம் ஒரு நாளைக்கு 23 மணி நேரமும், அப்புறம் தூங்கும்போது மட்டும் நாலஞ்சு வயசு வரைக்கும் போடணும். பாதம் மறுபடி திரும்பறதுக்கு முக்கியக் காரணமே இதை நிறுத்தறதுதான். ஒரு பாதம்தான் பாதிப்புன்னாலும் ஷூ ரெண்டு காலுக்கும் வேணும். போட்டா அழறான்னு கழட்டாதீங்க, குதிகால் ஷூவுக்குள்ள நல்லா இறங்கியிருக்கா, தோல்ல சிவப்புத் தழும்பு இருக்கான்னு பாருங்க, இருந்தா டாக்டர்கிட்ட காட்டி ஷூவைச் சரிபண்ணிக்கோங்க.