கைடு மேடத்துக்கு நன்றிக் கடிதம்: எதை எழுதுவது, எப்போது கொடுப்பது?

கேள்வி: ஜவுளித் தொழில்நுட்பம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஒரு மாத இன்டர்ன்ஷிப் முடித்தேன். நூற்பு மெஷினான ரிங் ஃப்ரேமில் நூல் அறுவதைப் பற்றி ரிப்போர்ட் எழுதினேன். கல்லூரியில் எனக்கு கைடாக இருந்த மேடத்துக்கு நன்றிக் கடிதம் எழுத ஆசை. நெட்டில் கிடைக்கும் மாதிரியில் பெயரை மாற்றிப் பார்த்தால் லீவ் லெட்டர் போல இருக்கிறது. ரிப்போர்ட்டிலேயே நன்றி சொல்லிவிட்டேன், தனியாகவும் எழுத வேண்டுமா? தமிழில் எழுதலாமா? எப்போது கொடுப்பது?

பதில்: தனியாக எழுதுங்கள். ரிப்போர்ட்டில் வரும் நன்றிப் பக்கம் கல்லூரி வகுத்த வரிசையில் போகிறது. தாளாளர், முதல்வர், துறைத் தலைவர், மில் மேலாளர், அப்புறம் கைடு, கடைசியில் பெற்றோரும் நண்பர்களும். உங்கள் வகுப்பில் எல்லோருடைய ரிப்போர்ட்டிலும் அந்தப் பக்கம் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும். கைடு அதைப் படிப்பது எழுத்துப் பிழையும் பதவிப் பெயரும் சரியா என்று பார்க்கத்தான். பல வருடங்கள் கைடாக இருந்து அந்தப் பக்கங்களில் கையெழுத்துப் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அதை யாரும் தனக்கு வந்த நன்றியாக எடுத்துக்கொள்வதில்லை.

கைடுக்குத் தெரியாத ஒன்று உங்களிடம் இருக்கிறது. அதுதான் கடிதத்தின் சரக்கு. மில்லில் நடந்ததை அவர் காகிதத்தில்தான் பார்த்தார். வாரம் ஒருமுறை டைரியைப் புரட்டியிருப்பார், முடிந்தால் ஒருமுறை மில்லுக்கு வந்திருப்பார், ரிப்போர்ட்டின் வரைவில் சிவப்பு மையால் நாலு கேள்வி எழுதியிருப்பார். அந்தக் கேள்விகளில் எது மில் தளத்தில் வேலைக்கு ஆனது, எதனால் உங்கள் போக்கு மாறியது என்பதை அவரிடம் யாரும் திரும்பிச் சொல்வதில்லை. வைவா முடியும், மதிப்பெண் ஏறும், அடுத்த செமஸ்டர் வந்துவிடும். அதைச் சொல்லும் கடிதம்தான் அவர் எடுத்து வைத்துக்கொள்கிற கடிதம். மில்லில் உங்களைப் பார்த்துக்கொண்ட சூப்பர்வைசருக்கும் எழுதுவீர்களானால் அது வேறு கடிதம். அவருக்கு, இடம் கொடுத்ததற்கும் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் சைடர்களிடம் பேச விட்டதற்கும் நன்றி சொல்ல வேண்டும். ஒன்றை எழுதி இருவருக்கும் அனுப்பாதீர்கள்.

ஆகவே வெள்ளைத் தாளில் தொடங்க வேண்டாம். உங்கள் இன்டர்ன்ஷிப் டைரி, மேடம் திருத்திய வரைவு, அவருடன் பேசிய வாட்ஸ்அப், மூன்றையும் எடுத்துவைத்துக்கொண்டு, அவர் சொன்ன பிறகு நீங்கள் வேறு மாதிரி செய்த ஓர் இடத்தைத் தேடுங்கள். ஒரே ஓர் இடம் போதும்.

உங்கள் டைரியை நான் பார்க்கவில்லை. உங்களைப் போலவே நூல் அறுதலை எடுத்துக்கொண்ட ஒரு மாணவியின் டைரி இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் வாரம் அவர், நூலை முறுக்கிச் சுற்றும் ஸ்பிண்டில் 1,008 உள்ள ஒரு ரிங் ஃப்ரேம் பக்கத்தில் நின்று, ஒரு மணி நேரத்தில் எத்தனை நூல் அறுகிறது என்று எண்ணியிருக்கிறார். ஏறத்தாழ 80 வந்தது. மில்களில் இதை 100 ஸ்பிண்டில் மணிக்கு இத்தனை என்று கணக்கிடுவார்கள். அந்தக் கணக்கில் 8. பஞ்சு சரியில்லை, அதனால் அறுகிறது என்று டைரியில் எழுதிவிட்டார். வாரக் கடைசியில் அதைப் பார்த்த மேடம் ஓரத்தில் ஒரு வரி எழுதினார்: “அறுந்த ஸ்பிண்டிலின் எண் எங்கே?”

அந்த வரி வேலையைத் திருப்பிவிட்டது. பஞ்சுதான் காரணம் என்றால் மெஷின் முழுக்கப் பரவலாக அறுந்திருக்க வேண்டும். இரண்டாம் வாரம் எண் போட்டுக் குறித்தபோது, மொத்த அறுதலில் மூன்றில் ஒரு பங்கு, திரும்பத் திரும்ப ஒரே 40 ஸ்பிண்டில்களில் நடப்பது தெரிந்தது. அவற்றைப் பார்த்தால் சிலவற்றில் ஸ்பிண்டிலைச் சுழற்றும் டேப் தளர்ந்திருந்தது. டேப் தளர்ந்தால் ஸ்பிண்டிலின் வேகம் குறைகிறது, நூலுக்குப் போதிய முறுக்கு ஏறுவதில்லை, பலமில்லாத இடத்தில் அறுகிறது. வேறு சிலவற்றில், ரிங்கின் மேல் ஓடி நூலைக் கொண்டுபோகும் சின்னக் கொக்கியான டிராவலர் தேய்ந்திருந்தது. மெயின்டெனன்ஸ்காரர்கள் டேப்பையும் டிராவலரையும் மாற்றிய பிறகு அதே மெஷினில் 8 என்றிருந்தது 6-க்கு இறங்கியது.

இப்போது கடிதம் தானே வந்துவிடும். இப்படி:

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

வணக்கம். இன்டர்ன்ஷிப் வைவா நல்லபடியாக முடிந்தது. அதன் பிறகு உங்களிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

முதல் வார டைரியில் நூல் அறுவதற்குப் பஞ்சுதான் காரணம் என்று எழுதியிருந்தேன். நீங்கள் ஓரத்தில், அறுந்த ஸ்பிண்டிலின் எண் எங்கே என்று கேட்டிருந்தீர்கள். அடுத்த வாரம் எண் போட்டுக் குறித்த பிறகுதான் ஒரே 40 ஸ்பிண்டில்களில் திரும்பத் திரும்ப அறுவது தெரிந்தது. டேப்பையும் டிராவலரையும் மாற்றிய பிறகு அறுதல் 8-லிருந்து 6-க்குக் குறைந்தது. இது ஒரு மெஷினில் ஒரு வாரம் பார்த்த கணக்குதான். ஆனாலும் மெயின்டெனன்ஸ் ஃபோர்மேன் என் அட்டவணையைக் கேட்டு வாங்கிப் படம் எடுத்துக்கொண்டார்.

வைவாவில் வெளித்தேர்வாளர், பஞ்சு காரணமில்லை என்று எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டார். அந்த அட்டவணையைக் காட்டிப் பதில் சொன்னேன். நீங்கள் அந்த வரியை எழுதாமல் இருந்திருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

மிக்க நன்றி, மேடம்.

அன்புடன்,
தங்கள் மாணவி
(பெயர், மூன்றாம் ஆண்டு, ஜவுளித் தொழில்நுட்பம்)

இவ்வளவுதான். A4 தாளில் ஒரு பக்கம்கூட வராது, வரவும் வேண்டாம். இதில் “தங்களின் மேலான வழிகாட்டுதலால்” என்பது போல ஒரு வரியும் இல்லை என்பதைக் கவனியுங்கள். வழிகாட்டியது எப்படி என்று காட்டிவிட்டால் அந்தச் சொல் தேவைப்படாது. நீங்கள் எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். மேடத்தின் பெயரை எடுத்துவிட்டு உங்கள் தோழியின் கைடு பெயரைப் போட்டாலும் கடிதம் பொருந்துகிறதா? பொருந்தினால் அது இன்னும் மாதிரிக் கடிதம்தான், டைரிக்குத் திரும்பிப் போங்கள்.

“ஒரு மெஷினில் ஒரு வாரம் பார்த்த கணக்குதான்” என்ற வரியை விட்டுவிடாதீர்கள். நன்றி சொல்லும் உற்சாகத்தில் பலர் மில்லே மாறிவிட்டது போல எழுதுவார்கள். படிப்பவர் துறை தெரிந்தவர். ஒரு வாரக் கணக்குக்கு எவ்வளவு எடை என்று அவருக்குத் தெரியும். காற்றின் ஈரப்பதம் மாறினாலே அறுதல் கூடும், குறையும். அளவாகச் சொன்னால்தான் மற்ற வரிகளையும் நம்புவார். மில்லின் உற்பத்தி, விலை, வாடிக்கையாளர் போன்ற விவரங்களையும் கடிதத்தில் சேர்க்காதீர்கள். மில்லின் அனுமதியோடு ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறதோ அதைத் தாண்டிப் போக வேண்டாம்.

எப்போது என்று கேட்டீர்கள். வைவா முடிந்து மதிப்பெண் போட்ட பிறகு. இதில் நான் கண்டிப்பானவன். மதிப்பெண் அவர் கையில் இருக்கும்போது கடிதம் வந்தால், நீங்கள் எவ்வளவு உண்மையாக எழுதியிருந்தாலும் அவருக்குச் சங்கடம். பக்கத்து மேசையில் இருப்பவர் பார்த்தால் இன்னும் சங்கடம். வைவாவுக்கு முன்னால் வாயால் ஒரு நன்றி போதும். மதிப்பெண் போட்ட பிறகு தள்ளிப்போடவும் கூடாது. இரண்டு மூன்று வாரத்துக்குள் கொடுத்துவிடுங்கள், டைரி ஓரத்தில் எழுதிய கேள்வி அவருக்கும் நினைவில் இருக்கும். கடிதத்தோடு பரிசு, ஸ்வீட் பாக்ஸ் எதுவும் வேண்டாம். துறைத் தலைவருக்கு நகல் அனுப்பலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அனுப்பினால் அது சிபாரிசு மாதிரி ஆகிவிடும். மேடம் விரும்பினால் அவரே காட்டிக்கொள்வார்.

தாராளமாகத் தமிழில் எழுதலாம். மேடத்தோடு ஸ்டாஃப் ரூமில் எந்த மொழியில் பேசினீர்களோ அதுவே கடிதத்துக்கும் மொழி. அவர் தமிழ் படிக்கத் தெரியாதவராக இருந்தால்தான் ஆங்கிலம். ஸ்பிண்டில், டிராவலர் போன்றவற்றுக்கு அகராதியைத் தேடி ஓடாமல் மில்லில் சொல்கிறபடியே எழுதுங்கள். மரியாதை விஷயத்தில் மட்டும் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் என்று தொடங்கினால் கடைசிவரை நீங்கள், தாங்கள் என்றால் கடைசிவரை தாங்கள். நடுவில் மாறினால், எங்கிருந்தோ ஒரு பத்தியை எடுத்து ஒட்டியது போலத் தெரியும். கையொப்பத்துக்கு மேலே வரும் “தங்கள் மாணவி” மட்டும் வழக்கமான முடிப்பு, அது எதனோடும் சேரும். லீவ் லெட்டரில் எழுதிப் பழகிய “தங்கள் கீழ்ப்படிதலுள்ள” வேண்டாம். உங்களுக்கு அது லீவ் லெட்டர் போல இருந்ததற்குப் பாதிக் காரணம் அந்த வரியாகத்தான் இருக்கும்.

கையால் எழுதி நேரில் கொடுப்பது நல்லது. கல்லூரி விடுமுறை என்றால் மெயில் அனுப்புங்கள். பொருள் வரியில் “இன்டர்ன்ஷிப் நன்றி” என்பதோடு உங்கள் பெயரும் இருக்கட்டும், கடிதத்தை இணைப்பாக வைக்காமல் மெயிலிலேயே எழுதிவிடுங்கள். வாட்ஸ்அப் வேண்டாம், காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் போய்விடும்.

மேல்படிப்புக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்கும் எண்ணம் இருந்தால் இதில் கேட்காதீர்கள். கடைசிப் பத்தியில் ஒரு வேண்டுகோள் வந்தால், முன்னால் எழுதியது எல்லாம் அதற்கு முன்னுரை ஆகிவிடும். அது தேவைப்படும்போது, சில மாதம் கழித்து, தனியாக நேரில் போய்க் கேளுங்கள்.

இதே கேள்வியோடு படிக்கும் வேறு சிலருக்கு, கைடு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்ற குறை இருக்கலாம். அவர்கள் இல்லாததை எழுத வேண்டாம். மில்லுக்குக் கொடுக்க வேண்டிய தடையில்லாச் சான்றில் கேட்ட அன்றே கையெழுத்துப் போட்டிருப்பார், கடைசி நேரத்தில் வரைவைப் படித்துத் தந்திருப்பார். அந்த ஒன்றை மட்டும் இரண்டு மூன்று வரியில் எழுதிக் கொடுத்தால் போதும்.