நோன்பு மாதமும் டைல்ஸ் பட்டறையும்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். ஆத்தங்குடியில் அப்பாவின் டைல்ஸ் பட்டறையை இப்போது நான் பார்க்கிறேன். டைல்ஸ் கல் ஊற்றுகிறவர்களில் மூன்று பேர் நோன்பு வைப்பவர்கள். ரமலான் மாதம் அரை நாள் வேலை போதும் என்று சொல்லிப் பார்த்தேன். கல் கணக்குக்குத்தான் கூலி என்பதால், பெருநாள் செலவு வரும் மாதத்தில் கூலி குறைய வேண்டாம் என்கிறார்கள். ஒன்பது முதல் ஆறு வரை வழக்கம்போல ஓட்டினால் மாலையில் துவண்டு போகிறார்கள். அதில் மூத்தவருக்குச் சர்க்கரை வேறு. நேரத்தை எப்படி மாற்றி அமைப்பது?

அன்புடன்,
செ., ஆத்தங்குடி

அன்புள்ள தம்பி,

அரை நாள் வேண்டாம் என்று அவர்கள் சொன்னது சரி. வேலையைக் குறைக்க வேண்டியதில்லை, காலைக்குத் தள்ளினால் போதும்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒன்பது முதல் ஆறு வரை ஒன்பது மணி நேரம். சாப்பாட்டுக்கு ஒரு மணி, இரண்டு டீக்குக் கால் கால் மணி கழித்தால் உண்மையில் கை வேலை செய்வது ஏழரை மணி நேரம். நோன்பாளிக்குச் சாப்பாடும் டீயும் இல்லை. காலை ஆறு முதல் பதினொன்றரை வரை ஐந்தரை மணி, பிறகு மதியம் ஒன்றரை முதல் மூன்றரை வரை இரண்டு மணி. அதே ஏழரை வந்துவிடுகிறது. நடுவில் இரண்டு மணி நேரம் லுஹர் தொழுகைக்கும் ஒரு குட்டித் தூக்கத்துக்கும் கிடைக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் ஜும்ஆ இருப்பதால் மதிய வேலையை விட்டுவிடுங்கள்.

ஆறு மணிக்கு வரச் சொல்வது கொடுமை என்று நினைக்காதீர்கள். பிப்ரவரி, மார்ச்சில் நம் பக்கம் விடியுமுன் சாப்பிடும் சஹர் முடிவது ஐந்தேகால் மணியை ஒட்டி, நோன்பு திறப்பது ஆறு இருபத்தைந்தை ஒட்டி. சுபுஹு தொழுதுவிட்டு உட்கார்ந்திருக்கிறவருக்கு அதுதான் உடம்பில் தெம்பும் தண்ணீரும் நிறைந்திருக்கும் நேரம். மறுபடி படுத்து ஒன்பதுக்கு வந்தால் அந்த நல்ல மூன்று மணி நேரம் தூக்கத்தில் போய்விடும்.

அந்தக் காலை வேளையில் எந்த வேலை முதலில் என்பதுதான் முக்கியம். ஆறு மணிக்கு வெளிச்சம் போதாது, கலர் பார்க்க முடியாது. முந்தின நாள் ஊற்றிய கல்லை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் அடுக்குவது, முன்பே ஊறிய கல்லை வெளியே எடுப்பது போன்ற தூக்குகிற வேலையை முதல் முக்கால் மணியில் முடித்துவிடுங்கள். வெளிச்சம் நன்றாக வந்ததும் கலர். மணல் சலிப்பதை நோன்பாளியிடம் கொடுக்காதீர்கள். தூசி தொண்டையில் இறங்கினால் அன்று முழுக்க நாக்கு வறளும். மற்ற ஆட்கள் முந்தின மாலையே சலித்து வைக்கட்டும். மதிய இரண்டு மணி நேரத்துக்கு, உட்கார்ந்து செய்கிற வேலையாக வையுங்கள். கண்ணாடி துடைப்பது, ஃபிரேம் சுத்தம் செய்து எண்ணெய் தடவுவது, காய்ந்த கல்லைத் தரம் பார்த்து அடுக்குவது. இந்த வேலைகளுக்கும் ஒரு கூலி போட்டுக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கல் கணக்கில் அவர்களுக்கு நஷ்டம். அதேபோல் கலவையைச் சின்னச் சின்னதாகப் போடச் சொல்லுங்கள். தண்ணீர் விட்ட சிமெண்ட் அரை மணிக்கு மேல் நம்மை நம்பிக் காத்திருக்காது. பெரிய சட்டியாகக் கலந்துவிட்டு, அது இறுகுவதற்குள் முடிக்க வேண்டுமே என்று வெறும் வயிற்றில் ஓடுவதில்தான் பாதிக் களைப்பு.

தராவீஹ் என்ற இரவுத் தொழுகையை முடித்துவிட்டு இரவில் ஊற்றுகிறோம் என்று யாராவது கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். டியூப் லைட்டில் பச்சையும் நீலமும் ஏமாற்றும் என்பது ஒன்று. அதைவிட, பத்தரைக்குப் படுத்து நாலரைக்கு எழுகிறவருக்கு இருப்பதே ஆறு மணி நேரத் தூக்கம். அதில் கை வைத்தால் நான்காம் நாளே தெரிந்துவிடும்.

தெரிவது எங்கே என்றால், கல்லில்தான். கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கட்டம் கட்டமாகக் கலர் விட்டு, அச்சைத் தூக்குகிறபோது கை ஆடாமல் நேராக வர வேண்டும். நன்றாக ஊற்றுகிறவர் கல்லில் சிவப்பின் ஓரம் மஞ்சளுக்குள் கலங்கி நிற்பதைப் பார்த்தால், ‘என்ன பாய் இப்படி?’ என்று கேட்காதீர்கள், அன்றைக்கு அவரை எழுப்பி நிழலில் படுக்க வையுங்கள். எழும்போது தலை சுற்றல், சிறுநீர் அடர்த்தியான நிறத்தில் கொஞ்சமாகப் போவது, இரண்டும் தண்ணீர் போதவில்லை என்பதற்கு அடையாளம்.

தண்ணீரை எல்லாரும் சஹரில் மொத்தமாகக் குடிக்கப் பார்க்கிறார்கள். ஒரு லிட்டரை ஒரே மூச்சில் குடித்தால் பெரும்பகுதி ஏழு மணிக்குள் வெளியே போய்விடும். நோன்பு திறந்ததில் இருந்து படுக்கும் வரை மணிக்கொரு டம்ளர், சஹரில் இரண்டு டம்ளர் என்று பிரித்துக் குடிப்பதுதான் உடம்பில் நிற்கும். சஹரில் சோறு, பருப்பு, முட்டை, தயிர் போதும். கருவாடு, ஊறுகாய், அப்பளம் வேண்டாம், உப்பு பகலெல்லாம் தாகம் காட்டும். மாலையில் பேரீச்சம்பழம், தண்ணீர், பள்ளிவாசல் கஞ்சி. நொய்யும் பாசிப்பருப்பும் வெந்தயமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அந்தக் கஞ்சி வெறும் வயிற்றுக்கு இதமானது. வடை, சமோசாவை அதற்கு முன்னால் தின்றால்தான் தராவீஹில் நிற்க முடியாமல் நெஞ்சு எரியும். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு தூக்குவாளியுடன் கஞ்சி வாங்கப் போகிறவர்களில் உங்கள் ஆட்களும் இருப்பார்கள், மூன்றரைக்கு விட்டால் அதற்கும் நேரம் சரியாக இருக்கும்.

முதல் மூன்று நாள் தலைவலி பெரும்பாலும் பசியால் வருவதில்லை, டீ நின்றதால் வருவது. ஒரு நாளைக்கு ஐந்து டீ குடிக்கிறவர், நோன்புக்கு ஒரு வாரம் முன்பே மூன்று, இரண்டு என்று குறைத்துக்கொண்டு வரட்டும்.

இப்போது மூத்தவர் விஷயம். இதில் தயவுசெய்து அசட்டையாக இருக்காதீர்கள். எல்லாச் சர்க்கரை மாத்திரையும் ஒன்றல்ல. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு ஆபத்து குறைவு. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டுப் பட்டினி இருந்தால் பிற்பகலில் சர்க்கரை சடாரென்று இறங்கும். எந்த மாத்திரை, எந்த வேளை, எவ்வளவு என்பதை நோன்புக்கு முன்பே அவருடைய டாக்டர் மாற்றித் தர வேண்டும். அவராகவே காலை மாத்திரையைச் சஹருக்கு மாற்றிக்கொள்வது தப்பு. பட்டறையில் ஒரு குளுக்கோமீட்டர் வாங்கி வையுங்கள். விரல் நுனியில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான ஆலிம்களின் கருத்து. பதினொன்றரைக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை பாருங்கள். 70க்குக் கீழே என்றாலும், 300க்கு மேலே என்றாலும் அந்த நோன்பை அங்கேயே விட்டுவிட வேண்டும். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பேச்சில் தடுமாற்றம் வந்தால் மீட்டரைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள், உடனே சர்க்கரைத் தண்ணீர். மயங்கி விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108.

இத்தனை வருஷம் வைத்தேன், இப்போது விடுவதா என்று அவர் மறுப்பார். நீங்கள் சொன்னால் கேட்கமாட்டார், உங்கள் வேலையும் அல்ல அது. நோயாளிக்குக் குர்ஆனிலேயே விலக்கு உண்டு, பின்னால் வேறு நாளில் வைத்துக்கொள்ளலாம், அதுவும் முடியாதவர் ஏழைக்கு உணவளிக்கலாம். பள்ளிவாசல் இமாம் ஒரு வார்த்தை சொன்னால் மனம் ஒப்பும். முதல் நோன்புக்கு முன்பே இமாமிடம் பேசச் சொல்லி அவர் மகனை அனுப்புங்கள்.

கடைசியாக ஒன்று. இருபத்தேழாம் இரவு பலரும் விடியும் வரை பள்ளியில் இருப்பார்கள். மறுநாள் ஆறு மணிக் கணக்கை வைக்காதீர்கள், முடிந்தால் லீவு கொடுங்கள். தொட்டியில் இருக்கும் கல் ஒரு நாள் கூடுதலாக ஊறினால் கெட்டுவிடாது.

அன்புடன்