‘ரிப்போர்ட்ஸ் டு’ என்பதைக் கிராமத்து ஆளெடுப்பு நோட்டீசில் எப்படி எழுதுவது?

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனிக்கு அந்தியூர், தாளவாடிப் பக்கம் ஊர் ஊராகப் போய் ஆள் எடுக்கப் போகிறோம். செக்கிங் வேலையின் ஆங்கில விவரத்தைத் தமிழில் மாற்றித் தரச் சொல்லிவிட்டார்கள். கடமைகள், யாருக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்பதையெல்லாம் எப்படி எழுதுவது? அகராதியைப் பார்த்து எழுதினால் எனக்கே புரியவில்லை.

பதில்:

அகராதியைப் பார்த்து எழுதி மாட்டிக்கொண்டவன் நான். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனிக்காக இதே செக்கிங் வேலைக்கு நோட்டீஸ் எழுதினேன். ஆங்கிலத்தில் ‘ரிப்போர்ட்ஸ் டு’ என்று போட்டு, லைன் சூப்பர்வைசர், கியூ.ஏ. மேனேஜர் என்று இரண்டு பெயர் இருந்தது. நான் ‘மேற்பார்வையாளருக்கும் தர உறுதி மேலாளருக்கும் அறிக்கை அளிக்க வேண்டும்’ என்று எழுதினேன். குண்டடம் பக்கம் ஒரு ஊரில், காலையில் பால் சொசைட்டிக்கு ஆட்கள் வரும் நேரமாகப் பார்த்து முகாம் போட்டோம். மகளைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மா நோட்டீசை இரண்டு தடவை படித்துவிட்டு, “ஏனுங்க தம்பி, அறிக்கைன்னு போட்டிருக்குதுங்களே, எம்புள்ள பத்தாவதுதானுங்க. தெனமும் இங்கிலீசுல எழுதிக் குடுக்கோணுங்களா?” என்று கேட்டார். அவர் கேட்டுவிட்டார். கேட்காமல் நோட்டீசை மடித்து வைத்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேரோ.

‘ரிப்போர்ட்ஸ் டு’வில் அறிக்கையே கிடையாது. யாருக்குக் கீழே வேலை என்பதுதான் பொருள். ஆனால் ‘இன்னாருக்குக் கீழே வேலை’ என்று மட்டும் மாற்றினாலும் போதாது. அங்கே இரண்டு பேர் இருக்கிறார்கள். யாருக்குக் கீழே யார் என்று காட்டும் கம்பெனிப் படத்தில் ஒருவருக்கு முழுக்கோடு, இன்னொருவருக்குப் புள்ளிக்கோடு போட்டிருப்பார்கள். முழுக்கோடு என்றால் வருகை, லீவு, எந்த டேபிளில் நிற்பது என்பதெல்லாம் அவர் கையில். புள்ளிக்கோடு என்றால் வேலையின் தரம் பற்றிய பேச்சு மட்டும் அவருடையது. இதைச் ‘செயல்சார் அறிக்கையிடல்’ என்று எழுதினால் ஆபீசில் இருப்பவர்களுக்கே விளங்காது. ஆகவே எழுத உட்காரும் முன் கம்பெனியிடம் மூன்று கேள்வி கேளுங்கள். லீவு யாரிடம் சொல்வது? பீஸ் நல்லதா, திரும்பச் சரிசெய்ய வேண்டிய ஆல்டரா என்று சொல்வது யார்? இரண்டு பேரும் வேறு வேறு மாதிரி சொன்னால் யார் பேச்சு நிற்கும்?

மூன்றாவது கேள்விக்குத்தான் பதில் சுலபமாக வராது. சாயங்காலம் ஐந்து மணிக்கு லைன் சூப்பர்வைசருக்கு எண்ணிக்கை காட்ட வேண்டிய அவசரம். செக்கிங் டேபிளில் நிற்கும் பெண் நாற்பது பீஸை, பழுதைக் காட்டும் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தனியே வைத்திருக்கிறாள். “பரவால்ல, போட்டு விடு கண்ணு” என்கிறார் சூப்பர்வைசர். அவர்தான் அவளுக்கு லீவு தருபவரும், ஒன்றரை ஷிப்டுக்கு ஆள் சொல்பவரும். அவள் என்ன செய்வாள்? எங்கள் கம்பெனியில் எச்.ஆருக்கே இதற்குப் பதில் தெரியவில்லை. மேனேஜரைப் பிடித்துக் கேட்டு முடிவு வாங்க இரண்டு நாள் ஆனது. பிறகு நோட்டீசில் இப்படி எழுதினேன்:

‘லீவு, நேரம், எந்த லைன் என்பதை லைன் சூப்பர்வைசர் சொல்வார். பீஸ் நல்லதா இல்லையா என்பதில் கியூ.சி. சொல்வதே முடிவு. நீங்கள் ஒட்டிய ஸ்டிக்கரைக் கியூ.சி. பார்க்காமல் யார் சொன்னாலும் எடுக்க வேண்டாம்.’

ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் மூன்றாகிவிட்டது. ஆகட்டும். கியூ.ஏ. மேனேஜரை ஏன் விட்டேன் என்றால், தினமும் டேபிளுக்கு வருபவர் அவர் அல்ல, அவருக்குக் கீழே தரம் பார்க்கும் கியூ.சி.தான். வேலைக்கு வருபவர் கண்ணால் பார்க்கப்போகும் ஆளைத்தான் நோட்டீசில் சொல்ல வேண்டும்.

கடமைகளில் உங்களைப் படுத்தப்போகும் சொல் ‘என்ஷூர்’. ‘பழுதான பீஸ் பேக்கிங்கிற்குப் போகாமல் உறுதி செய்யப் பொறுப்பு’ என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு பெரியவர் “அப்ப தப்பிப் போன பீசுக்குச் சம்பளத்துல புடிப்பீங்களா?” என்றார். நம் பக்கம் ‘பொறுப்பு’ என்றால் நட்டத்தை ஏற்றுக்கொள்வது என்றும் காதில் விழும். அதனால் அந்தச் சொல்லை விட்டுவிட்டுக் கை செய்யும் வேலையை எழுதுங்கள். ‘தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பீர்கள். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டித் தனியே வைப்பீர்கள். ஒரே தப்பு திரும்பத் திரும்ப வந்தால் கியூ.சி.யிடம் சொல்வீர்கள்.’ சம்பளத்தில் பிடிப்பது உண்டா இல்லையா என்பதைக் கம்பெனியிடம் கேட்டு அடுத்த வரியில் வெளிப்படையாகப் போட்டுவிடுங்கள். ‘பார்த்தல், ஒட்டுதல், தெரிவித்தல்’ என்று அடுக்கினால் டெண்டர் விளம்பரம் போல இருக்கும். எல்லாவற்றிலும் ‘வேண்டும்’ போட்டால் மிரட்டுவது போல இருக்கும். ‘பார்ப்பீர்கள்’ என்பது எனக்குச் சரியாக வந்தது.

சில சமயம் மொழிபெயர்க்கப் போனால்தான் ஆங்கிலத்தில் உள்ள தப்பு தெரியும். எங்கள் விவரத்தில் ஏ.கியூ.எல். 2.5 படி பரிசோதிப்பதும் ஒரு கடமையாக இருந்தது. அது சாம்பிள் எடுத்துப் பார்க்கும் முறை. வழக்கமாக எடுத்துக்கொள்ளும் நிலையில், ஆயிரம் பீஸ் உள்ள லாட்டில் 80 பீஸ் எடுப்பார்கள். பழுது ஐந்து வரை இருந்தால் லாட் பாஸ், ஆறாகிவிட்டால் ஃபெயில். ஒவ்வொரு பீஸாகப் பார்க்கும் செக்கிங் பெண்ணுக்கு அதில் என்ன வேலை? அது கடைசியில் வரும் ஆடிட்டர் செய்வது. வேறு ஏதோ வேலையின் விவரத்திலிருந்து ஒட்டி வைத்திருக்கிறார்கள். கேட்டதும் எடுத்துவிட்டார்கள். புரியாத கடமை ஒன்று வந்தால் தமிழ்ச் சொல் தேடுவதற்கு முன், அந்த வேலையில் உள்ளவர் அதைச் செய்கிறாரா என்று தளத்தில் போய்ப் பார்த்துவிடுங்கள்.

‘எனி அதர் டியூட்டீஸ்’ என்று கடைசியில் வரும். ‘மற்ற வேலைகளும்’ என்று எழுதினால் கூட்டுவது, கழுவுவது என்றுதான் நினைப்பார்கள். ‘செக்கிங் இல்லாத நேரத்தில் பிசிறு வெட்டுவது, பேக்கிங்கிற்கு உதவுவது’ என்று பெயர் சொல்லி முடித்துவிடுங்கள். பதவிப் பெயரில் ‘ஆய்வாளர்’ வேண்டாம், ஸ்டேஷன் ஞாபகம் வரும். ‘செக்கிங்’ என்றாலே தாளவாடி வரைக்கும் தெரியும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன், கம்பெனிக்குள் கால் வைக்காத யாரிடமாவது படித்துக் காட்டுங்கள். நான் எங்கள் வேன் டிரைவரின் வீட்டம்மாவிடம் காட்டினேன். புரிந்ததா என்று கேட்டால் தலையாட்டுவார்கள். ‘நாளைக்குக் காய்ச்சல் வந்தால் யாருக்குப் போன் செய்வீங்க? ஒரு பீஸில் சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவீங்க?’ என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஒரே ஆளைச் சொன்னால் அந்த மூன்று வரியைத் திரும்ப எழுத வேண்டியதுதான்.

இன்னொன்று. சேர்ந்த பிறகு கையில் தரும் வேலை ஆர்டர் ஆங்கிலத்தில்தான் இருக்கும், அதில் பழைய வரிகளே இருக்கும். நீங்கள் தமிழில் திருத்திய இடங்களையெல்லாம் ஆங்கிலத்திலும் திருத்தச் சொல்லி எச்.ஆரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை. அடுத்த சீசனில் அந்த ஏ.கியூ.எல். வரி திரும்பவும் வந்து உட்கார்ந்திருந்தது.