பச்சைச் சுவர், சிவந்த கட்டில், எந்த விரிப்பு?

கல்லடி: அக்கா, மஹோகனிக் கட்டில், இளம்பச்சைச் சுவர். விரிப்பெல்லாம் பெரிய பூப்போட்டது. எவ்வளவு ஒழுங்குபடுத்தினாலும் அறை கலைஞ்ச மாதிரியே கிடக்கு. புதுக்கட்டில் வாங்க வழியில்ல.

கட்டிலில பிழையில்ல தங்கச்சி. சிவந்த மரமும் பச்சைச் சுவரும் பக்கத்தில நிண்டா ஒண்டையொண்டு தூக்கிக் காட்டும். அதுக்கு நடுவில பூவிரிப்பு இன்னும் அஞ்சாறு நிறத்தைக் கொண்டுவருது. கண்ணுக்கு எங்க நிக்கிறதெண்டு தெரியாது.

மெத்தைக்கு மணல் நிறத்தில வெறும் விரிப்புப் போடுங்க. பின்னால சாய்ச்சு வைக்கிற ரெண்டு தலையணைக்கும் அதே நிறம். முன்னால ரெண்டுக்கு மரத்தை ஒட்டின செங்கல் நிறம். கால்மாட்டில மருதமுனைக் கைத்தறி விரிப்பொண்டை மூண்டா மடிச்சுக் குறுக்கே போடுங்க. கரும்பச்சைக் கட்டம் போட்டதா இருக்கட்டும். வெளிறின நிறம் கூடுதலா, கடும் நிறம் கொஞ்சமா இருக்கோணும். பூவிரிப்பை எறியாதீங்க, அதில சின்னப் பூ உள்ள துண்டை வெட்டி ஒரேயொரு உறை தைக்கலாம்.

காத்தான்குடி: போன முறை நீங்க நிறத்தை அடுக்கச் சொன்னீங்கெண்டு மூண்டு விரிப்பை ஒண்டுக்கு மேல ஒண்டா விரிச்சன். வேர்த்துக் கொட்டுது.

ஐயோ, அப்படியில்ல! உடம்பு படுறது ஒரு பருத்தி விரிப்பு மட்டும்தான். மற்றது கால்மாட்டில மடிச்சே கிடக்கும், படுக்கேக்குள்ள எடுத்துக் கதிரையில போடுங்க. நம்மட வெக்கைக்கு அடுக்கிறது நிறத்தைத்தான், துணியை இல்ல.

கல்முனை: புதுச் சிவப்புக் கைத்தறி சாயம் விடும். உப்புத் தண்ணியில ஊறவைச்சா நிண்டுரும், உம்மா அப்படித்தான் செய்வா.

சாயம் விடுமெண்டது சரி. ஆனா உப்பு சாயம் போடுற நேரத்தில உதவுறது. நெய்து முடிஞ்ச துணியில அதால சாயம் இறுகாது. ஈரமான வெள்ளைத் துணியால ஒரு மூலையைத் தேய்ச்சுப் பாருங்க. நிறம் ஒட்டினா, தண்ணி தெளிவா வாறவரைக்கும் தனியாக் கழுவுங்க. அதுவரை மணல்நிற உறைக்குப் பக்கத்தில வைக்காதீங்க. ஈரத் தலைமுடி பட்டாலே இறங்கும். என்ர நல்ல உறையொண்டு அப்படித்தான் போனது.

ஆரையம்பதி: எங்கட கிணத்தில காவித் தண்ணி. வெள்ளை விரிப்பு மஞ்சளாகுது. பிளீச் போட்டாக் கூடுது.

அது இரும்பு. பிளீச் அதைத் துருவாக்கித் துணியில பிடிக்கவைக்கும். தண்ணியைத் திறந்த வாளியில ஒரு ராத்திரி வைச்சு, அடியைக் கலக்காம மேல் தண்ணியை எடுங்க. பிடிச்ச கறைக்குத் தேசிக்காய்ச் சாறு தேய்ச்சுக் கழுவலாம், நிறத்துணியில மூலையில பார்த்துத்தான். இருந்தாலும் உங்களுக்கு வெள்ளை வேண்டாம், மணல் நிறமே எடுங்க.

அக்கரைப்பற்று: சுவர் நீலம். அவருக்கு விரிப்பும் நீலமே வேணுமாம்.

கிட்டத்தட்ட அதே நீலம் எண்டா ரெண்டில ஒண்டு அழுக்காத் தெரியும். நல்லாக் கடும் நீலம், இல்லாட்டி நல்லா வெளிறினது. கடை வெளிச்சத்தை நம்பாம முதல்ல ஒரு உறையை மட்டும் வாங்கி, பகலிலயும் ராத்திரி உங்கட பல்ப்பிலயும் சுவரோட பிடிச்சுப் பாருங்க. ரெண்டு நேரமும் ஒரே மாதிரித் தெரியாது. அறையில கூடுதலா இருக்கிறது பகலிலயா ராத்திரியிலயா எண்டு நீங்களும் அவரும் பேசித்தான் முடிவெடுக்கோணும்.