"பாதைக்குத் தெற்கு" என்றால் பாதை எந்தப் பக்கம்?

"முதல் முறையாக மனை வாங்குகிறேன். பாதை மனைக்கு வடக்கே இருக்கிறது, ஆனால் கிரயப் பத்திர வரைவில் '20 அடி பாதைக்குத் தெற்கு' என்று போட்டிருக்கிறார்கள். தவறா?"

தவறில்லை. நான்கெல்லை எழுதும்போது மனை எங்கே இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். உங்கள் மனை பாதைக்குத் தெற்கே இருக்கிறது, அதனால் பாதை வடக்கே வருகிறது. நானும் முதல் பத்திரத்தை இப்படித் தலைகீழாகத்தான் படித்தேன்.

அப்புறம், அதே சொத்து விவரத்தில் அளவுகளைப் பெருக்கிப் பாருங்கள். வடபுறம் 30 அடி, தென்புறம் 28 அடி, மற்ற இரு பக்கமும் 40 அடி என்று வைத்துக்கொள்வோம். சராசரி அகலம் 29, அதை நாற்பதால் பெருக்கினால் சுமார் 1160 சதுர அடி. பத்திரத்தில் 1200 என்றிருந்தால் 40 சதுர அடி காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது. பரப்புக்கும் எல்லைக்கும் முரண் வந்தால் பொதுவாக எல்லைதான் நிற்கும். அதனால் பதிவுக்கு முன்பே அளந்து திருத்தச் சொல்லுங்கள்.

பாதை விஷயத்தில் இன்னொன்று. எல்லையாகப் பாதையைக் குறிப்பிட்டால் மட்டும் போதாது. அது தனியார் பாதை என்றால், போக்குவரத்துப் பாத்தியமும் சேர்த்துக் கிரயம் செய்வதாக ஒரு வரி வேண்டும். அந்த உரிமை விற்பவருக்கே உண்டா என்று தெரிந்துகொள்ள, பத்திரத்தின் முன்பகுதியில் சொத்து அவருக்கு வந்த விதத்தைச் சொல்லும் இடத்தில் குறித்திருக்கும் தாய்ப்பத்திரத்தை வாங்கிப் பாருங்கள். அதில் வடக்கே பாதைக்குப் பதில் வேறொருவர் மனை இருந்தால், பாதை எப்போது, யார் நிலத்தில் வந்தது என்று கேளுங்கள். வில்லங்கம் வந்தால் ஈடு செய்வதாக விற்பவர் தரும் உறுதிமொழி, பின்னால் பணம் கேட்கத்தான் உதவும், பாதையைத் திறந்துவிடாது.