அம்மாவின் போனில் வாட்ஸ்அப் மணி அடிக்கவில்லை: வெளிநாட்டிலிருந்து திரையைப் பார்த்துச் சரிசெய்வது எப்படி?

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. கோவில்பட்டியில் தனியாக இருக்கிறார். ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கிறார். நான் டொராண்டோவில் இருக்கிறேன். நான் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் அம்மா போனில் மணியே அடிப்பதில்லை. உள்ளூரிலிருந்து யாராவது சாதாரணமாகக் கூப்பிட்டால் அடிக்கிறது. "செட்டிங்ஸுக்குப் போம்மா" என்றால், "அது எங்கடி இருக்கு?" என்கிறார். கடைசியில் இரண்டு பேரும் சலித்துப்போய் போனை வைக்கிறோம். ஸ்கிரீன் ஷேர் செய்து பார்க்கச் சொல்கிறார்கள். எப்படிச் செய்வது? அல்லது இங்கிருந்தே அவர் போனை நானே இயக்குகிற மாதிரி ஒரு ஆப் போட்டுவிடலாமா?
– வாசகி, டொராண்டோ

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போனை இயக்குகிற ஆப் வேண்டாம். அந்த வகை ஆப்பைப் போடச் சொல்லி, அதில் வரும் எண்ணை வாங்கிக்கொண்டு, கணக்கிலிருந்து பணத்தை எடுப்பது நம் ஊர் மோசடிக்காரர்களின் பழைய வழி. 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி இது பற்றி வங்கிகளை எச்சரித்தது. மகள் சொல்லி ஒருமுறை இதைப் போட்டுப் பழகிய அம்மாவுக்கு, நாளைக்கு "பேங்க்ல இருந்து பேசுறேன்" என்று ஒருவன் இதையே போடச் சொன்னால் சந்தேகமே வராது. உங்களுக்கு வாட்ஸ்அப்பில் இருக்கும் திரைப் பகிர்வே போதும். அதில் நீங்கள் பார்க்கத்தான் முடியும், தொட முடியாது. தொடுவது அம்மாவின் விரல்தான். அப்படி இருப்பதுதான் நல்லது.

திரையைப் பகிரும் முன்பே, உங்கள் போனிலேயே ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் வாட்ஸ்அப்பில் கூப்பிடும்போது உங்கள் திரையில் முதலில் Calling என்று வரும். அழைப்பு அம்மாவின் போனைப் போய்ச் சேர்ந்ததும் அது Ringing என்று மாறும். கடைசி வரை Calling என்றே நின்றால் அழைப்பு அங்கே போய்ச் சேரவே இல்லை. ஒன்று, அந்த நேரத்தில் அவர் போனில் இன்டர்நெட் இல்லை. இல்லாவிட்டால், பேட்டரியை மிச்சப்படுத்த போன் வாட்ஸ்அப்பைத் தூங்க வைத்துவிட்டது. Ringing என்று மாறியும் அம்மாவுக்குக் கேட்கவில்லை என்றால் அழைப்பு வந்துவிட்டது, சத்தம்தான் எங்கோ அடைபட்டிருக்கிறது. இது தெரியாமல் உள்ளே போனால், பாவம் அம்மா, பத்துப் பக்கங்களைத் திறந்து திறந்து மூட வேண்டியிருக்கும். இரண்டு மூன்று நாள் வெவ்வேறு நேரத்தில் கூப்பிட்டு, எந்தச் சொல் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பகிர்வு. உங்கள் அழைப்புதான் மணி அடிக்காதே, அதனால் ஒரு நேரம் பேசிவைத்து அம்மாவையே வாட்ஸ்அப் வீடியோ காலில் கூப்பிடச் சொல்லுங்கள். பகிர வேண்டியவரும் அவர்தான். வீடியோ கால் திரையில் போன் படமும் அம்புக்குறியும் சேர்ந்தாற்போல் ஒரு பொத்தான் இருக்கும். சில பதிப்புகளில் மூன்று புள்ளியை அழுத்தினால் உள்ளே Share screen என்று இருக்கும். அதைத் தொட்டதும் ஆண்ட்ராய்டு ஓர் எச்சரிக்கை காட்டும். திரையில் தெரிவதெல்லாம் எதிரில் இருப்பவருக்கும் தெரியும் என்பதுதான் அதன் சாரம். பெரும்பாலும் அம்மாக்கள் பயந்து Cancel அழுத்துவது இந்த இடத்தில்தான். "இப்படி ஒண்ணு வரும், பயப்படாதே" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

புதிய ஆண்ட்ராய்டு போன்களில் இங்கே இன்னொரு சிக்கல் உண்டு. முழுத் திரையா, ஒரே ஒரு ஆப் மட்டுமா என்று அது கேட்கும். பெரும்பாலும் ஒரு ஆப் என்பதுதான் முதலில் தேர்வாகியிருக்கும். அப்படியே விட்டால், அம்மா செட்டிங்ஸுக்குப் போயிருப்பார், உங்களுக்கு அது தெரியாது. "இப்ப தெரியுதா?", "இல்லையேம்மா" என்றே பேச்சு ஓடும். Entire screen என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல வேண்டும். இவ்வளவையும் நீங்கள் உங்கள் வீட்டில் இன்னொரு ஆண்ட்ராய்டு போனில் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். அம்மா அழுத்த வேண்டிய இரண்டு மூன்று சொற்களை அவரைத் தாளில் பெரிதாக எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உதவாது. அந்தப் படத்தைப் பார்க்க வேண்டிய அதே போனில்தான் வேலை நடந்துகொண்டிருக்கும்.

பகிர்வு தொடங்கியதும் அம்மா ஹோம் திரைக்குப் போக வேண்டும். உங்கள் முகம் சிறு கட்டமாகி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். போன் கட்டாகிவிட்டது என்று நினைத்து அவர் திரும்ப உள்ளே வந்துவிடுவார். கட்டாகவில்லை என்று சொல்லி, அந்தக் கட்டம் எதையாவது மறைத்தால் விரலால் ஓரம் தள்ளச் சொல்லுங்கள். போனைக் காதில் வைக்க வேண்டாம், மேசையில் வைத்து ஸ்பீக்கரில் பேசட்டும். காதில் வைத்தால் கன்னம் பட்டு எதையாவது அழுத்திவிடும்.

ஒன்று நினைவிருக்கட்டும்: அம்மாவின் விரல் எங்கே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. அழுத்தியபின் மாறும் திரை மட்டுமே தெரியும், அதுவும் ஓரிரு நொடி தாமதமாக. நீங்கள் "அதில்லை, அதில்லை" என்று சொல்வதற்குள் அவர் அடுத்ததையும் அழுத்தியிருப்பார். இத்தனை சலிப்புக்கும் பாதிக் காரணம் இந்தத் தாமதம்தான். அதனால் ஒரு நேரத்தில் ஒரு சொல் மட்டும் சொல்லுங்கள், அதை அவர் வாயால் படிக்கட்டும், படித்த பிறகு தொடட்டும், தொட்டதும் "தொட்டுட்டேன்" என்று சொல்லட்டும். "மேலே போ, ரெண்டாவது" என்பதெல்லாம் வேண்டாம்.

"பேட்டரினு ஒரு வரி இருக்கா பாரும்மா?"

"பேட்டரி... இருக்கு. பக்கத்துல ஏதோ போட்டிருக்கு."

"என்ன போட்டிருக்கு, படி."

இப்படிப் போனால் தப்பான இடத்தைத் தொடுவது பெரும்பாலும் நின்றுவிடும். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் இரண்டு பக்கமும் கேமராவை அணைத்துவிடுங்கள். திரை கொஞ்சம் தெளியும்.

உங்கள் அழைப்பு Calling என்றே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அம்மா செட்டிங்ஸைத் திறந்ததும், மேலே இருக்கும் தேடல் கட்டத்தில் WhatsApp என்று அடிக்கச் சொல்லுங்கள். பட்டியலை உருட்டித் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல். ஒவ்வொரு கம்பெனி போனிலும் வரிசை வேறு வேறு மாதிரி இருக்கும், தேடல் கட்டம் மட்டும் அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு. வாட்ஸ்அப்பின் பக்கம் வந்ததும் அதில் பேட்டரி என்ற வரி இருக்கும். உள்ளே போனால் பல போன்களில் Unrestricted, Optimized, Restricted என்று மூன்று இருக்கும். Restricted என்று இருந்தால் அநேகமாக அதுதான் காரணம். Optimized என்று இருந்தாலும் நெடுநேரம் தொடாத போனில் அழைப்பு வராமல் போகலாம். Unrestricted என்று மாற்றுங்கள். ரெட்மி போன்களில் இதற்கு No restrictions என்று பெயர், கூடவே Autostart என்று ஒன்றும் இருக்கும், அதையும் இயக்கிவிட வேண்டும். மாற்றுவதற்கு முன் நீங்கள் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால், பிறகு பழையபடி ஆக்க வேண்டியிருந்தால் கைகொடுக்கும்.

Ringing என்று மாறியும் சத்தம் இல்லை என்றால் வேறு இடங்களைப் பார்க்க வேண்டும். முதலில், எதையும் தொடாமல் திரையின் உச்சியில் இருக்கும் சிறு படங்களைப் பாருங்கள். நடுவில் கோடு போட்ட வட்டமோ பிறை நிலாவோ இருந்தால் 'தொந்தரவு செய்யாதே' இயங்குகிறது. ஆனால் உங்கள் அம்மாவுக்குச் சாதாரண அழைப்பு அடிக்கிறது என்பதால் எனக்கு இதைவிட வேறொன்றின் மேல்தான் சந்தேகம். வாட்ஸ்அப்பின் தனியுரிமைப் பகுதியில் Calls என்பதற்குள் Silence unknown callers என்று ஒரு வசதி இருக்கிறது. அது இயங்கினால், போனில் சேமிக்காத எண்ணிலிருந்து வரும் அழைப்புக்கு மணி அடிக்காது, அழைப்புப் பட்டியலிலும் அறிவிப்பிலும் மட்டும் தெரியும். கனடா போனதும் எண் மாற்றினீர்களா? அந்தப் புது எண்ணை அம்மா உங்கள் பெயரில் சேமித்திருக்கிறாரா என்று பாருங்கள். சேமித்திருந்தால், வாட்ஸ்அப்பின் அறிவிப்புகள் பகுதியில் அழைப்புக்கான ரிங்டோன் None என்று இருக்கிறதா என்பது அடுத்தது.

ஒரு நாளைக்கு ஒரு மாற்றம் போதும். ஒரே நேரத்தில் நாலு இடத்தில் கை வைத்தால், எதனால் சரியானது என்றும் தெரியாது, எதனால் இன்னொன்று கெட்டது என்றும் தெரியாது.

திரை பகிர்ந்திருக்கும் நேரத்தில் அம்மா வங்கி ஆப்பையோ பணம் அனுப்பும் ஆப்பையோ திறக்க வேண்டாம். பல வங்கி ஆப்கள் பகிர்வில் கறுப்பாகத்தான் தெரியும், ஆனால் எல்லாம் அப்படி இல்லை. பழைய ஆண்ட்ராய்டு போனில், அந்த நேரம் பார்த்து வரும் ஓடிபி குறுஞ்செய்தியும் மேலே அப்படியே தெரியும். உங்களுக்குத் தெரிந்தால் பரவாயில்லைதான். ஆனால் "திரை பகிர்ந்தால் பண விஷயம் கிடையாது" என்பது அம்மாவுக்குப் பழக்கமாக வேண்டும். கூடவே இன்னொன்றையும் சொல்லிவையுங்கள்: திரையைப் பகிர்வது உங்களோடு மட்டும்தான், அதுவும் உங்கள் முகம் பார்த்துப் பேசிய பிறகுதான். வேறு யார் கேட்டாலும் போனை வைத்துவிட வேண்டும். ஏமாந்துவிட்டார் என்று தெரிந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அவரே கூப்பிடலாம். அதையும் அந்தத் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் Stop sharing அழுத்தி, அழைப்பையும் முடித்துவிட்டு, உடனே கூப்பிட்டுச் சோதிக்காதீர்கள். அப்போதுதான் பயன்படுத்திய போன் விழித்தே இருக்கும், எப்படியும் அடிக்கும். பேட்டரிக் கோளாறு, போன் மணிக்கணக்கில் சும்மா கிடந்த பிறகுதான் தெரியும். கோடையில் உங்களுக்கு இரவு 9 மணி என்றால் கோவில்பட்டியில் காலை 6.30, குளிர்காலத்தில் 7.30. அம்மா எழுந்து போனைத் தொடும் முன் அந்த நேரத்தில் கூப்பிட்டுப் பாருங்கள். Ringing வந்து அவர் எடுத்தால் சரியாகிவிட்டது.

அப்போதும் Calling என்றே நின்றால், செட்டிங்ஸை விட்டுவிட்டு ஒன்றை அவரிடம் கேளுங்கள். ராத்திரி படுக்கப் போகும்போது மோடம் சுவிட்சை அணைக்கிறாரா, போனில் டேட்டாவை நிறுத்துகிறாரா? நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் ஃபேன், லைட் அணைக்கும்போது அதையும் சேர்த்தே அணைத்துவிடுவார்கள். அப்படியென்றால் போனில் மாற்ற எதுவுமில்லை. மோடத்தை இரவில் ஓட விடச் சொல்லுங்கள், அதற்கு அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்த நேரங்களில் சாதாரண அழைப்பிலேயே கூப்பிடுங்கள்.