ஒரே amount, இரண்டு பதில்: நெடுவரிசைக்கு ஒற்றைப் பொருள் தருவது எப்படி?

கேள்வி: எங்கள் மாதாந்தர ஆர்டர் அறிக்கைக் கோப்பில் 46 நெடுவரிசைகள் இருக்கின்றன. அதில் amount என்பதைக் கூட்டி விற்பனைக் குழு ஒரு தொகை சொல்கிறது, கணக்குப் பிரிவு வேறு தொகை சொல்கிறது. டேட்டா டிக்‌ஷனரி வைத்திருக்கிறோம், ஆனால் அதில் "amount – ஆர்டர் தொகை" என்றுதான் இருக்கிறது. எப்படி எழுதினால் எல்லோருக்கும் ஒரே பொருள் வரும்?

பதில்: முதலில் amount-ஐ விட்டுவிடுங்கள். அந்தக் கோப்பில் ஒரு வரிசை எதைக் குறிக்கிறது? ஓர் ஆர்டரையா, ஆர்டருக்குள் இருக்கும் ஒரு பொருளையா? இது தெரியாமல் எந்த நெடுவரிசைக்கும் பொருள் எழுத முடியாது, ஆனாலும் நான் பார்த்த டிக்‌ஷனரிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு வாக்கியம் இருந்ததே இல்லை. நேராக முதல் நெடுவரிசையின் பெயரில் ஆரம்பித்துவிடுவார்கள். உங்கள் டிக்‌ஷனரியின் முதல் வரி இப்படி இருக்கட்டும்: "ஒரு வரிசை = ஓர் ஆர்டரில் உள்ள ஒரு பொருள். order_id, line_no இரண்டும் சேர்ந்தால் ஒரு வரிசை மட்டுமே வரும்." எழுதியது உண்மைதானா என்று இப்படிப் பாருங்கள்.

```sql
SELECT order_id, line_no, COUNT(*)
FROM monthly_report
GROUP BY order_id, line_no
HAVING COUNT(*) > 1;
```

இதில் ஒரு வரிசைகூட வரக்கூடாது. வந்தால், டிக்‌ஷனரி சொல்வது ஒன்று, கோப்பில் இருப்பது வேறு என்று அர்த்தம். அதைத் தீர்க்காமல் மேலே போகாதீர்கள்.

இப்போது amount-க்கு வருவோம். ஓர் ஆர்டரை மட்டும் எடுத்துக்கொள்ளலாம், எண் 7012. மூன்று பொருள்கள், தள்ளுபடி போக 400, 250, 350. டெலிவரி கட்டணம் 50. வாங்கியவர் கட்டியது 1,050. கோப்பில் ஒரு பொருளுக்கு ஒரு வரிசை என்பதால் 7012-க்கு மூன்று வரிசைகள் இருக்கும். amount-இல் ஆர்டரின் மொத்தத்தைப் போட்டிருந்தால் மூன்றிலும் 1,050 என்றே நிற்கும். விற்பனைக் குழு பிவட் டேபிளில் கூட்டினால் 3,150 வரும். கணக்குப் பிரிவு டெலிவரி கட்டணத்தைத் தனித் தலைப்பில் வைப்பவர்கள் என்றால் 1,000 என்பார்கள். அவரவர் படித்த அளவில் யாரும் தப்பாகக் கூட்டவில்லை, அதனால்தான் கூட்டம் போட்டு எவ்வளவு நேரம் பேசினாலும் இது தீராது.

இந்தப் பிழை வெகுநாள் ஒளிந்திருக்கவும் ஒரு காரணம் உண்டு. ஒரே ஒரு பொருள் உள்ள ஆர்டரை எடுத்துச் சரிபார்த்தால் கணக்கு கச்சிதமாக வரும், ஏனென்றால் அங்கே வரிசையும் ஆர்டரும் ஒன்றுதான். நானும் ஒரு முறை இப்படிச் சுலபமான ஐந்து ஆர்டர்களைப் பார்த்துவிட்டு "சரியாக இருக்கிறது" என்று கையெழுத்துப் போட்டேன், பல பொருள் ஆர்டர்கள் அதிகம் வந்த ஒரு மாதத்தில்தான் தொகை எகிறியது. அந்த மாத அறிக்கையை நம்பி ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தம். அதனால் சரிபார்க்க ஆர்டர் எடுக்கும்போது வம்பு பிடித்தவற்றையே எடுங்கள்: பல பொருள் உள்ளது, தள்ளுபடி உள்ளது, பாதி திரும்பி வந்தது, ரத்தானது, மாதக் கடைசி நாளில் நள்ளிரவை ஒட்டி வந்தது.

தீர்வு, amount என்ற பெயரையே கைவிடுவதுதான். அதற்கு எவ்வளவு நீளமான விளக்கம் எழுதினாலும், கோப்பைத் திறப்பவர் டிக்‌ஷனரியைத் திறக்கப்போவதில்லை, தலைப்பில் உள்ள பெயரைத்தான் பார்ப்பார். பெயரே எந்த அளவிலான தொகை, எது கழிந்தது என்று சொல்லட்டும். பொருள் அளவில் ஒன்று, டெலிவரி கட்டணத்துக்கு ஒன்று எனப் பிரியுங்கள். முதலாவதற்கு டிக்‌ஷனரிப் பதிவு இப்படி இருக்கலாம்:

```
பெயர்       : line_net_amount
பொருள்      : ஆர்டரில் உள்ள ஒரு பொருளுக்கு, தள்ளுபடி கழித்த விலை
கணக்கு      : quantity * unit_price - line_discount
சேராதவை    : வரி, டெலிவரி கட்டணம்
நிலவரம்     : ஆர்டர் உறுதியான நேரம்; பிறகு மாறாது
கூட்டலாமா   : ஆம், எந்தப் பிரிவிலும்
காலியானால்  : காலி வரக்கூடாது; இலவசப் பொருளுக்கு 0
பொறுப்பு     : விற்பனைத் தரவுக் குழு
```

இதில் "பொருள்" என்ற வரியை எழுதத்தான் நேரம் பிடிக்கும். டேட்டா விளக்கங்களை எழுதுவதற்கென்றே ISO/IEC 11179 என்ற தரநிலையில் ஒரு பகுதி இருக்கிறது. அதிலிருந்து எனக்குத் தினமும் உதவுபவை இரண்டு. ஒன்று, ஒரு விஷயம் எது அல்ல என்று மட்டும் சொல்லாமல் அது என்ன என்று சொல்ல வேண்டும். இரண்டு, ஒரு விளக்கத்துக்குள் இன்னொன்றின் விளக்கத்தை நுழைக்கக்கூடாது. "தள்ளுபடி என்பது கூப்பன், மொத்த வாங்கல் சலுகை ஆகியவை" என்பதை line_discount பதிவில் மட்டும் வையுங்கள், இங்கே அதன் பெயரைச் சொன்னால் போதும். இரண்டு இடத்தில் எழுதினால் ஒரு நாள் ஒன்றை மட்டும் திருத்துவார்கள், அப்புறம் டிக்‌ஷனரிக்குள்ளேயே இரண்டு பொருள் வந்துவிடும். "order_date – ஆர்டரின் தேதி" போலப் பெயரையே திருப்பிச் சொல்வதும் விளக்கம் ஆகாது. ஆர்டர் போட்ட தேதியா, பணம் வந்த தேதியா, எந்த நேர மண்டலத்தில் என்பது அதில் எங்கே இருக்கிறது?

"நிலவரம்" என்ற வரியைப் பலரும் விட்டுவிடுவார்கள். 7012-இல் அந்த 250 விலையுள்ள பொருள் அடுத்த மாதம் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய மாதத்துக் கோப்பை மறுபடி உருவாக்கினால் 1,000 வருமா, 750 வருமா? இரண்டும் நியாயமான கணக்குதான், ஆனால் ஒரு நெடுவரிசையில் இரண்டுக்கும் இடமில்லை. என் அனுபவத்தில் ஆர்டர் நேரத்துத் தொகையை அப்படியே வைத்துவிட்டு, திரும்பி வந்ததை line_returned_amount என்று அது நடந்த மாதத்தின் கோப்பில் தனியாகக் காட்டுவதுதான் நல்லது. அப்படிச் செய்தால் போன மாதம் அனுப்பிய அறிக்கை இந்த மாதம் எண் மாறாது.

"கூட்டலாமா" என்பதையும் ஒவ்வோர் எண் நெடுவரிசைக்கும் எழுதுங்கள். line_net_amount-ஐ எப்படி வேண்டுமானாலும் கூட்டலாம். மாதக் கடைசிக் கையிருப்பு அப்படியல்ல, பொருள்களுக்கிடையே கூட்டலாம், மாதங்களுக்கிடையே கூட்டக்கூடாது. சதவீதத்தையும் சராசரியையும் எந்தப் பக்கமும் கூட்டக்கூடாது. பிவட் டேபிளில் எண் நெடுவரிசையை இழுத்துப் போட்டாலே பெரும்பாலும் அது தானாகக் கூட்டிவிடும், தடுப்பதற்கு உங்களிடம் இருப்பது இந்த ஒரு வரிதான்.

டெலிவரி கட்டணம் 50-ஐ எங்கே வைப்பது? ஆர்டருக்கு ஒரு வரிசை என்று தனிக் கோப்பு போடுவதே சுத்தமான வழி. ஒரே கோப்புதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் பொருளின் விலை விகிதத்தில் பங்கிடுங்கள்: 400-க்கு 20, 250-க்கு 12.50, 350-க்கு 17.50. இப்போது கூட்டினால் 50 வரும். வகுக்கும்போது மிஞ்சும் சில்லறையைக் கடைசி வரிசையில் சேர்க்கிறோம் என்றும் எழுதிவிடுங்கள். முதல் வரிசையில் மட்டும் 50 போட்டு மற்றதைக் காலியாக விடுவது எனக்குப் பிடிக்காது, யாராவது ஒரு பொருள் வகையை மட்டும் வடிகட்டினால் கட்டணம் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

காலி இடத்துக்கும் பொருள் எழுத வேண்டும். delivery_days காலியாக இருந்தால் இன்னும் போய்ச் சேரவில்லையா, ரத்தாகிவிட்டதா, டெலிவரியே தேவைப்படாத பொருளா, தேதி பதிவாகாமல் விட்டுப்போனதா? காரணத்தை delivery_status என்ற தனி நெடுவரிசைக்கு நகர்த்துங்கள், அதன் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு வரி விளக்கம் கொடுங்கள். காலி பார்க்க நன்றாக இல்லை என்று 0 போட்டு நிரப்புபவர்கள் உண்டு, அதை விடவே விடாதீர்கள். மூன்று ஆர்டர்களில் இரண்டு 4 நாளிலும் 6 நாளிலும் போய்ச் சேர்ந்து, ஒன்று இன்னும் வழியில் இருந்தால், காலியாக விட்டபோது சராசரி 5. அதே இடத்தில் 0 போட்டால் 3.33. SQL-இல் AVG காலியை, அதாவது NULL-ஐ விட்டுவிடும், எக்செலின் AVERAGE-உம் காலிக் கட்டத்தை விட்டுவிடும், ஆனால் 0-ஐ இரண்டுமே எண்ணிக்கொள்ளும்.

எழுதி முடித்தது போதுமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. அந்தக் கோப்போடு சம்பந்தமில்லாத இரண்டு பேரைக் கூப்பிட்டு, டிக்‌ஷனரிப் பதிவையும் நான் மேலே சொன்ன வம்பு பிடித்த ஆர்டர்களில் பத்தின் மூலத் தரவையும் கொடுங்கள். பக்கத்தில் நின்று விளக்காதீர்கள். இருவரும் தனித்தனியாகக் கையால் கணக்குப் போட்டு ஒரே எண்ணைச் சொல்லி, கோப்பிலும் அதே எண் இருந்தால் அந்தப் பதிவு முடிந்தது. எங்கே நிமிர்ந்து உங்களிடம் கேள்வி கேட்கிறார்களோ அங்கே ஒரு வாக்கியம் குறைகிறது.

46-ஐயும் ஒரே மூச்சில் எழுதப் போகாதீர்கள். கூட்டத்தில் யார் வாயிலும் வராத நெடுவரிசை காத்திருக்கலாம், தொகை, தேதி, நிலை, எண்ணிக்கை இந்த நான்கு வகையை முதலில் முடியுங்கள். பின்னால் ஒன்றின் கணக்கு முறை மாறினால், உதாரணமாக ரத்தான ஆர்டர்களை இனி சேர்ப்பதில்லை என்று முடிவானால், பழைய பெயரிலேயே புது எண்ணைப் போடாமல் புதுப் பெயர் கொடுங்கள், எந்த மாதத்திலிருந்து என்று பதிவில் குறியுங்கள். இப்போதுள்ள amount-ஐயும் நாளையே அழிக்க வேண்டாம், அதை நம்பி யாருடைய ஃபார்முலா எங்கே ஓடிக்கொண்டிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. பெயரை amount_old_do_not_use என்று மாற்றினால் அந்த ஃபார்முலாக்களில் பல அன்றே உடையும் என்பதால், முதல் இரண்டு மாதம் அப்படியே விட்டு, நீக்கப்போகும் தேதியை டிக்‌ஷனரியிலும் கோப்போடு போகும் மின்னஞ்சலிலும் சொல்லுங்கள். மூன்றாம் மாதம் எடுத்துவிடுங்கள்.